அட்டவணை நிறைந்த புள்ளிவிவர ஸ்லைடுகளிலிருந்து ஒரு நிமிட வானொலிச் செய்தி: முழுமையான வழிகாட்டி

நாற்பது ஸ்லைடு, அதில் பாதிக்கு மேல் அட்டவணை. வாசிப்புக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது, ஒலிபரப்பில் கிடைப்பது ஒரே ஒரு நிமிடம். புதிதாக வருபவர்கள் எல்லோரும் இங்கே ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள்: முதல் ஸ்லைடில் தொடங்கி, கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டே போய், கடைசியில் மூன்று நிமிட ஸ்கிரிப்டை வெட்ட முடியாமல் திண்டாடுவார்கள். எழுதத் தெரியாததால் வருவதில்லை இது. வரிசை மாறிப்போவதால் வருவது.

காலாண்டு வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், பொறிகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பதால். கீழே வரும் எண்கள் எல்லாம் பயிற்சிக்காக நானே போட்டுக்கொண்டவை, எந்த நாட்டின் கணக்கும் இல்லை.

## 1. தொடங்கும் முன் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஸ்லைடுகளின் கோப்பு வேண்டும், அச்சிட்ட தாள் போதாது. அடிக்குறிப்பு எழுத்து அவ்வளவு சின்னதாக இருக்கும், திரையில் பெரிதாக்கித்தான் படிக்க முடியும். அதே எண்கள் எக்செல் கோப்பாகவும் வந்திருந்தால் அதை எடுங்கள். ஸ்லைடிலிருந்து அட்டவணையை நகலெடுத்து ஒட்டினால் காலியான ஒரு கட்டம் விழுங்கப்பட்டு, அந்த வரிசை முழுவதும் ஒரு கட்டம் இடதுபக்கம் நகர்ந்துவிடும். பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும், ஆனால் பெண்களின் எண் ஆண்களுடையதாகியிருக்கும்.

அப்புறம் இரண்டு பழைய விஷயங்கள்: போன காலாண்டின் ஸ்லைடுகள், அன்று உங்கள் நிலையம் வாசித்த ஸ்கிரிப்ட். இது எதற்கு என்பது அடுத்த பகுதியில் தெரியும். கடைசியாக, ஒரு ஸ்டாப்வாட்ச், வெளியிட்ட துறையில் சந்தேகம் கேட்கக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண். கேட்க வேண்டியதை முதல் அரை மணி நேரத்துக்குள் கேட்டுவிடுங்கள், பிறகு அவர் போன் ஓயவே ஓயாது.

## 2. கடைசியிலிருந்து படியுங்கள்

முதல் ஸ்லைடு, வெளியிட்டவர் உங்களிடம் எதைச் சொல்ல விரும்புகிறார் என்பது. அந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பது கடைசி இரண்டு மூன்று ஸ்லைடுகளிலும் அடிக்குறிப்புகளிலும்தான் இருக்கும். அதனால் பின்னாலிருந்து தொடங்குங்கள். தேட வேண்டியவை ஐந்து.

அலகு. அட்டவணையின் தலைப்பு மூலையில் "ஆயிரத்தில்" என்று ஒரு சொல் ஒளிந்திருக்கும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் "வேலையில்லாதோர் ஆயிரத்து நானூற்று நாற்பது பேர்" என்று எழுதிக் கொண்டுவந்தார். ஒரு நாடு முழுவதற்கும்! 1,440 ஆயிரம் என்றால் 14 லட்சத்து 40 ஆயிரம். மில்லியனில் கொடுத்திருந்தாலும் இதே வேலைதான்: ஒரு மில்லியன் பத்து லட்சம், பத்து மில்லியன் ஒரு கோடி. இந்த மாற்றத்தை மனக்கணக்காகச் செய்யாமல் தாளில் பூஜ்யங்களை எழுதிச் செய்யுங்கள்.

சிறு எழுத்துகள். எண்ணுக்குப் பக்கத்தில் `p` என்று இருந்தால் தற்காலிகக் கணக்கு, `r` என்று இருந்தால் திருத்தப்பட்டது. நம் உதாரணத்தில் வேலையில்லாதோர் விகிதம் இந்தக் காலாண்டில் 5.8 சதவீதம், முந்தைய காலாண்டில் 6.4, அந்த 6.4-க்குப் பக்கத்தில் `r` இருக்கிறது. பழைய ஸ்கிரிப்டை எடுத்துப் பார்த்தால் அன்று நாம் 6.5 என்று வாசித்திருக்கிறோம். ஒப்பிட வேண்டியது 6.4 உடன்தான், ஏனென்றால் புதிய 5.8 எந்தக் கணக்கு முறையில் வந்ததோ அதே முறையில் திருத்தப்பட்டது அதுதான். பழைய ஸ்கிரிப்டிலிருந்து எண்ணை எடுத்தவர் 0.7 குறைந்தது என்று எழுதியிருப்பார்.

பருவச் சரிசெய்தல். அறுவடைக் காலத்திலும் பண்டிகைக் காலத்திலும் வேலை தானாகவே கூடும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுக் கொடுத்த எண் என்றால் முந்தைய காலாண்டோடு ஒப்பிடலாம். கழிக்காத எண் என்றால் போன வருடம் இதே காலாண்டோடு ஒப்பிடுவதுதான் நியாயம். நம் உதாரணத்தில் சரிசெய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வரையறை. "வேலையில்லாதவர்" என்றால் வேலை இல்லாத எல்லோரும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறையைப் பின்பற்றும் கணக்கெடுப்புகளில், வேலையும் இல்லாமல், அண்மையில் வேலை தேடியும், கிடைத்தால் சேரத் தயாராகவும் இருப்பவர்தான் வேலையில்லாதவர். அந்தத் தேடும் காலம் வழக்கமாக நான்கு வாரம். தேடுவதையே விட்டவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். இதை நினைவில் வைத்திருங்கள், நான்காம் பகுதி முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

பிழை வரம்பு. கணக்கெடுப்பு என்றால் சில ஆயிரம் குடும்பங்களைக் கேட்டு நாட்டுக்கே மதிப்பிடுவது, அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் இரு பக்கமும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. அது எந்த ஸ்லைடில் இருக்கிறது என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

## 3. நாற்பது ஸ்லைடை நான்கு வரியாக்குங்கள்

இப்போது ஒரு தாளில் சொந்தமாக ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஸ்லைடு எண்ணை எழுதுங்கள். கடைசியில் சரிபார்க்கும்போது மறுபடி நாற்பதையும் புரட்ட வேண்டியிருக்காது.

| | முந்தைய காலாண்டு | இந்தக் காலாண்டு | மாற்றம் | மாற்றத்தின் பிழை வரம்பு |
|---|---|---|---|---|
| வேலையில் இருப்பவர் (ஆயிரத்தில்) | 23,400 | 23,410 | +10 | ±100 |
| வேலையில்லாதவர் (ஆயிரத்தில்) | 1,600 | 1,440 | −160 | ±100 |
| இருவரும் சேர்ந்த உழைப்பாளர் தொகை (ஆயிரத்தில்) | 25,000 | 24,850 | −150 | ±100 |
| வேலையில்லாதோர் விகிதம் (%) | 6.4 | 5.8 | −0.6 | ±0.4 |
| 15–24 வயதினரின் விகிதம் (%) | 14.1 | 13.6 | −0.5 | ±2.0 |

ஐந்து வரியாகிவிட்டது, பரவாயில்லை. விகிதத்தை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்:

```
1,440 ÷ 24,850 × 100 = 5.79...
1,600 ÷ 25,000 × 100 = 6.4
```

ஸ்லைடில் இருப்பதோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் தவறான வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லது ஸ்லைடிலேயே பிழை. இரண்டும் நடக்கிற காரியம்தான். அரை நிமிட வேலை இது, நான் ஒருபோதும் விடுவதில்லை.

## 4. எழுதும் முன் ஒரே ஒரு வாக்கியத்தை முடிவுசெய்யுங்கள்

எண்ணே இல்லாத ஒரு வாக்கியம் வேண்டும். பக்கத்து மேசைக்காரர் "என்னய்யா வந்திருக்கு?" என்று கேட்டால் என்ன சொல்வீர்களோ, அது.

முதல் ஸ்லைடு சொல்வது: வேலையின்மை குறைந்தது. உண்மைதான். ஆனால் சின்ன அட்டவணையை மேலிருந்து கீழே பாருங்கள். வேலையில்லாதவர்கள் 1,60,000 குறைந்திருக்கிறார்கள், வேலையில் இருப்பவர்களோ வெறும் 10,000 கூடியிருக்கிறார்கள். மிச்சம்? உழைப்பாளர் தொகையே 1,50,000 சுருங்கியிருக்கிறது. வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் மட்டும்தான் அந்தத் தொகையில் வருவார்கள், அதனால் இரண்டும் இல்லாமல் வெளியே நிற்பவர்கள் பக்கம் எடை கூடியிருக்கிறது.

ஆக, நம் வாக்கியம்: "வேலையில்லாதோர் விகிதம் குறைந்திருக்கிறது, ஆனால் வேலையில் இருப்பவர்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது."

இங்கே புத்திசாலிகள் விழுகிற குழி ஒன்று உண்டு. விஷயம் பிடிபட்ட உற்சாகத்தில் "ஒன்றரை லட்சம் பேர் வேலை தேடுவதைக் கைவிட்டார்கள்" என்று எழுதிவிடுவார்கள். அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. அதில் இருப்பது நிகர எண்ணிக்கை, அதாவது வந்தவர் போனவர் எல்லாம் கழிந்த மிச்சம். வேலை தேடிய பலர் வேலையில் சேர்ந்திருக்கலாம், அதே நேரத்தில் வேலையில் இருந்த வேறு பலர் ஓய்வுபெற்றோ படிக்கப்போயோ வெளியேறியிருக்கலாம், மிச்சம் இதே எண்ணாகத்தான் வரும். யார் எங்கிருந்து எங்கே போனார் என்பதற்குத் தனி அட்டவணை வேண்டும். அது இல்லையென்றால் "தொகை சுருங்கியிருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## 5. மாற்றம் உண்மையில் மாற்றம்தானா

மாற்றத்தையும் பிழை வரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விகிதம் 0.6 குறைந்தது, வரம்பு 0.4, தாண்டிவிட்டது, "குறைந்தது" என்று சொல்லலாம். வேலையில் இருப்பவர் 10 ஆயிரம் கூடினார்கள், வரம்பு ஒரு லட்சம். இதைக் "கூடியது" என்று சொல்ல வழியே இல்லை, "கிட்டத்தட்ட மாறவில்லை" என்பதுதான் சரி. இளைஞர் விகிதம் 0.5 குறைவு, வரம்பு 2. ஸ்லைடின் ஓரத்தில் "இளைஞர் வேலையின்மையும் குறைந்தது" என்று ஒரு பச்சை அம்பு போட்டிருப்பார்கள், அதை நம்பி வாசித்துவிடாதீர்கள். வயது, மாவட்டம், பாலினம் என்று பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்பட்டவர்கள் குறைந்துகொண்டே போவார்கள், ஆட்டம் கூடிக்கொண்டே போகும். இதுதான் காரணம்.

சில ஸ்லைடுகளில் மாற்றத்துக்கான வரம்பு இருக்காது, ஒவ்வொரு காலாண்டின் எண்ணுக்கும் தனித்தனியாக இருக்கும். இரண்டு வரம்பும் ஏறக்குறைய சமமாக இருந்தால் அதை 1.4-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: ஒவ்வொன்றும் ±0.3 என்றால் மாற்றத்துக்கு ±0.42. இரண்டு காலாண்டிலும் வெவ்வேறு குடும்பங்களைக் கேட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். பாதிப் பேரை மறுபடி கேட்கும் கணக்கெடுப்புகளும் உண்டு, அப்போது துறையைக் கேட்பதே வழி.

## 6. மூன்று சதவீதம், ஒரே சம்பவம்

விகிதம் 6.4-லிருந்து 5.8 ஆனதை மூன்று விதமாகச் சொல்ல முடியும், மூன்றும் கணக்குப்படி சரி.

```
6.4 − 5.8 = 0.6            (இரு விகிதங்களின் வித்தியாசம்)
0.6 ÷ 6.4 × 100 = 9.4      (விகிதம் எத்தனை சதவீதம் குறைந்தது)
160 ÷ 1,600 × 100 = 10     (ஆட்கள் எத்தனை சதவீதம் குறைந்தார்கள்)
```

"வேலையின்மை 0.6 சதவீதம் குறைந்தது" என்று எழுதினால் தவறு, அது 9.4 என்று சொல்ல வேண்டிய இடம். 0.6-க்குச் சரியான பெயர் "சதவீதப் புள்ளி". ஆனால் இதைக் காதால் கேட்டுப் பாருங்கள்: "பூஜ்யம் புள்ளி ஆறு சதவீதப் புள்ளி". இரண்டு புள்ளி, இரண்டுக்கும் வேறு வேறு பொருள், கேட்பவர் முதல் புள்ளியிலேயே போய்விடுவார். அச்சில் எழுதுபவர்களுக்கு இந்தச் சொல் தேவை, வானொலியில் நான் அதைத் தொடுவதே இல்லை. வித்தியாசத்தைச் சொல்லாமல் இரண்டு விகிதங்களையும் சொல்லிவிடுங்கள்: இப்போது இவ்வளவு, முன்பு இவ்வளவு. கழித்தலைக் கேட்பவரே செய்துகொள்வார்.

"இரண்டு மடங்கு அதிகம்" என்பதும் இப்படித்தான். 100 எதுவாக ஆனது, 200-ஆ 300-ஆ? சிலருக்கு இது, சிலருக்கு அது. "இரு மடங்காகியிருக்கிறது" என்றால் சண்டை இல்லை.

## 7. காதுக்கு ஏற்ற வாக்கியம்

தமிழில் வினை கடைசியில் வருகிறது. கண்ணால் படிக்கும்போது அது தொந்தரவே இல்லை, காதுக்கோ எண்கள் எல்லாம் கொட்டி முடித்த பிறகுதான் கூடியதா குறைந்ததா என்றே தெரியும். இதைப் பாருங்கள்:

"கடந்த காலாண்டில் 6.4 சதவீதமாக இருந்த வேலையில்லாதோர் விகிதம், உழைப்பாளர் தொகை 2 கோடியே 48 லட்சத்து 50 ஆயிரமாக உள்ள நிலையில், இந்தக் காலாண்டில் 5.8 சதவீதமாகக் குறைந்துள்ளது."

இலக்கணம் சுத்தம், கேட்டால் ஒன்றும் நிற்காது. பழைய எண் முதலில் வருகிறது, நடுவில் சம்பந்தமில்லாத ஒன்று, செய்தி கடைசிச் சொல்லில்.

திசையைத் தனி வாக்கியமாக முன்னால் வையுங்கள்: "விகிதம் குறைந்திருக்கிறது." பிறகு புது எண், பிறகு பழைய எண், ஒவ்வொன்றும் தன் வாக்கியத்தில். வாக்கியத்துக்கு ஒரு எண், ஒரு நிமிடத்துக்கு மூன்று எண். நான்காவது வேண்டும் என்று தோன்றினால் முதல் மூன்றில் எதை எடுக்கலாம் என்று பாருங்கள். "நிலையில்", "எனவும்" இரண்டில் எது வந்தாலும் அந்த வாக்கியத்தை உடைக்க வேண்டும் என்று அர்த்தம்.

## 8. எண்களை எழுத்தில் எழுதுங்கள்

ஸ்கிரிப்டில் எண்ணுருவே இருக்கக் கூடாது. 14,40,000 என்பதைப் பார்த்து எழுதியவர் சரியாகப் படிப்பார், ஆனால் வாசிப்பவர் வேறு ஒருவராக இருக்கலாம், அவர் அதை முதல்முறை பார்ப்பது மைக் முன்னால்தான் என்றும் இருக்கலாம். "5.8%ஆக" என்று எழுதினால் இன்னும் மோசம், விகுதியை எங்கே ஒட்டுவது என்று வாய் ஒரு கணம் நின்றுவிடும். "ஐந்து புள்ளி எட்டு சதவீதமாக" என்று எழுதிவிடுங்கள்.

தசமத்துக்குப் பின்னால் வருவதை இலக்கம் இலக்கமாகப் படிக்க வேண்டும். 12.45 என்பது "பன்னிரண்டு புள்ளி நான்கு ஐந்து". "நாற்பத்தைந்து" என்று படித்தால் 12.5-ஐவிடப் பெரியது போல ஒலிக்கும். முடிந்தால் இரண்டாவது தசம இடத்தையே விட்டுவிடுங்கள்.

தமிழில் எண்பது, எண்ணூறு; எழுபது, எழுநூறு; தொண்ணூறு, தொள்ளாயிரம் எல்லாம் காதுக்கு மிக அருகருகே நிற்பவை. தொண்ணூறுக்குள்ளேயே ஒரு "நூறு" கேட்பது போல இருக்கும், இரைச்சலான இடத்தில் கேட்பவர் கதி என்ன! இவை முக்கியமான எண்ணாக வந்தால் பக்கத்தில் ஒரு துணை வையுங்கள்: "தொள்ளாயிரம் பேர், அதாவது கிட்டத்தட்ட ஆயிரம் பேர்" என்பது போல. முழுமையாக்கும்போது எந்தப் பக்கம் தள்ளினீர்கள் என்பதை "ஏறக்குறைய", "சற்றுக் குறைவாக", "சற்று அதிகமாக" என்று ஒரு சொல்லால் காட்டிவிடுங்கள். இன்னொன்று, கணக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் முழுமையாக்க வேண்டும். முதலிலேயே முழுமையாக்கிவிட்டுக் கழித்தால் வித்தியாசம் வேறாகிவிடும்.

## 9. முழு ஸ்கிரிப்ட்

> வேலையில்லாதோர் விகிதம் குறைந்திருக்கிறது. ஆனால், வேலையில் இருப்பவர்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது.
>
> புள்ளியியல் துறை இன்று வெளியிட்ட காலாண்டுக் கணக்கெடுப்பில் இது தெரியவந்திருக்கிறது.
>
> வேலையில்லாதோர் விகிதம் இப்போது ஐந்து புள்ளி எட்டு சதவீதம். முந்தைய காலாண்டில் இது ஆறு புள்ளி நான்கு சதவீதமாக இருந்தது.
>
> வேலை இல்லாமல் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள், முந்தைய காலாண்டைவிட ஏறக்குறைய ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் குறைவு.
>
> அதே மூன்று மாதங்களில், வேலையில் இருப்பவர்களின் எண்ணிக்கையில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை.
>
> வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள் ஆகிய இரு தரப்பையும் சேர்த்த மொத்தத் தொகை சுருங்கியிருக்கிறது.
>
> வேலை தேடாமல் இருப்பவர்களை இந்தக் கணக்கெடுப்பு வேலையில்லாதோர் பட்டியலில் சேர்ப்பதில்லை.
>
> இளைஞர்களின் வேலையின்மையில் தெளிவான மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ஏறக்குறைய 80 சொல், என் வேகத்துக்கு ஒரு நிமிடம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதனால் ஆங்கிலச் செய்திக்குச் சொல்லும் சொற்கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். உங்கள் பழைய ஸ்கிரிப்ட் மூன்றை ஸ்டாப்வாட்ச் வைத்துப் படித்து உங்கள் கணக்கைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். நேரம் குறைந்தால் கடைசியிலிருந்து வெட்டுவார்கள், அதனால் இளைஞர் வரியைக் கடைசியில் வைத்தேன். அதற்கு முந்தைய வரி போய்விட்டால் செய்தியே புரியாது, அதை யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## 10. வாய்விட்டுப் படியுங்கள், பின்னோக்கிச் சரிபாருங்கள்

மனத்துக்குள் படித்தால் நாக்கு எங்கே சிக்கும் என்று தெரியாது. எழுந்து நின்று, வாசிக்கும் குரலில், ஒருமுறை படியுங்கள். மூச்சு வாங்கிய இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். பிறகு, ஸ்லைடைப் பார்க்காத ஒருவரிடம் ஒரே ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டு, என்ன கேட்டீர்கள் என்று கேளுங்கள். அவர் "வேலை கூடியிருக்காமே" என்றால் முதல் இரண்டு வாக்கியமும் சரியில்லை.

சரிபார்ப்பது எப்போதும் ஸ்கிரிப்டிலிருந்து ஸ்லைடுக்கு. எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து, தனித்தாளில் அதை எண்ணுருவாக மாற்றி எழுதி, அப்புறம்தான் ஸ்லைடைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பாருங்கள். ஸ்லைடிலிருந்து தொடங்கினால் மூளை எதிர்பார்த்ததையே பார்த்துவிட்டுப் போய்விடும். முடிந்தால் இதை வேறொருவர் செய்யட்டும்.

அந்தச் சின்ன அட்டவணைத் தாளை ஸ்கிரிப்டோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். அடுத்த காலாண்டில் 5.8-க்குப் பக்கத்தில் ஒரு `r` வந்து அது 5.9 ஆகியிருந்தால், நாம் எதை எந்த ஸ்லைடிலிருந்து எடுத்து வாசித்தோம் என்று தேடும்போது கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான்.